மாடிப்படியைத் தவிர எல்லாம் கேட்டேன்

கல்யாணமான புதிதில், நங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூருக்கு வீடு பார்க்கப் போய் இரண்டு முறை ஏமாந்தோம். ஒரு வீட்டுக்கு முதல் நாளே வேறு ஆள் குடிவந்துவிட்டார். இன்னொன்றில் கோடையில் கிணறு வற்றிவிடுமாம். பஸ்ஸில் நசுங்கித் திரும்பிய கோபத்தில், மூன்றாவது வீட்டுக்குப் போகும் முன் பதில் எழுத இன்னொரு கார்டும் சேர்ந்தே வரும் ரிப்ளை கார்டு ஒன்று போட்டேன். வீடு இன்னும் காலியா, வாடகை எவ்வளவு, எத்தனை மாத அட்வான்ஸ், வெயில் காலத்தில் தண்ணீர் உண்டா, கரண்டுக்குத் தனி மீட்டரா, குளியலறை பொதுவா, எப்போது வந்து பார்க்கலாம்? இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

"வீடு கேக்கறியா, பரீட்சை வைக்கறியா?" என்றார் கணவர்.

வீட்டுக்கார மாமி ஒன்று விடாமல் பதில் எழுதியிருந்தார். எல்லாமே எங்களுக்குத் தோதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனோம். காலியாக இருந்த மாடிப் போர்ஷனில் கடல் காற்று ஆளையே தூக்கியது. அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தோம்.

குடிவந்த அன்று, என் சீர் பீரோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தார்கள், ஏறவில்லை.

"படி இவ்வளவு குறுகல்னு நீங்க எழுதலியே மாமி!"

"நீ கேக்கலியேடி! கேட்டதுக்கெல்லாம் எழுதினேனே!"

படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பீரோ, என் புடவைகளோடு, கீழே மாமியின் கூடத்திலேயே நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருந்தவரை, நான் என்ன புடவை கட்டிக்கொள்வது என்பதை மாமிதான் முடிவு செய்தார்.