நான் படித்திராத ஒல்லாந்தர்

அந்த ஆண்டு முழுவதும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆண்ட காலத்து அதிகாரி ஒருவர் என் மனதுக்குள் தோணியில் போய்க்கொண்டே இருந்தார். விடியற்காலை, வாவியெங்கும் பனிப்புகார், பழுகாமத்துப் பக்கமாகக் கடக்கிறார். கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போதெல்லாம் அவர் என்னோடு பேசுவார், அதுவும் நல்ல தமிழில்.

வாவியின் தோணித்துறைகளைப் பற்றி முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் அத்தியாயம் அவருடைய அறிக்கையை நம்பித்தான் நின்றது. அறிக்கையோ டச்சு மொழியில், எங்கோ ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நான் படித்தது நூலகத்தில் கிடைத்த ஆங்கிலச் சுருக்கம், ஒன்றரைப் பக்கம். அதில் கொடுத்திருந்த ஆவண எண்ணையும் தாள் எண்ணையும் அப்படியே என் அடிக்குறிப்பில் போட்டேன். சுருக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மூலத்தையே பார்த்தவள் போலத் தெரிய ஆசைப்பட்டேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கையில், என்னோடு படிப்பிக்கும் சிநேகிதி எழுத்துப்பிழை பார்த்துத் தருவதாக வாங்கினாள். பாடசாலை இடைவேளையில் தாளும் கையுமாக வந்தாள்.

“என்னகா, டச்சு எப்ப படிச்ச நீ?”

“நான் எங்க படிச்சன்? இங்கிலீசுச் சுருக்கம்தான் பாத்தன்.”

“அப்ப மேற்கோள் குறிக்குள்ள இருக்கிறது ஆர்ட சொல்லு?”

‘புகாரினூடே தோணிக்காரர் பாடிக்கொண்டு வந்தனர்.’ அதிகாரியின் வாக்கியம் என்று போட்டிருந்தேன். சுருக்கியவரின் ஆங்கிலம், என் தமிழ். அதிகாரி உண்மையில் என்ன எழுதினாரோ, யார் கண்டது?

“இரவல் சீலையில நல்ல கொய்யகம்” என்று சிரித்தாள். கடன் வாங்கிய சேலையில் அழகாகக் கொசுவம் வைத்திருக்கிறேனாம்.

எனக்குக் கோபம் வந்தது. “உண்மைய எழுதினா அத்தியாயமே நோஞ்சானாப் போயிரும்.”

“எழுதாட்டி? சுருக்கத்தில பிழை இருந்தா, பழி அந்தச் செத்த மனிசன்ட தலையிலதானே விழும்?”

அன்று பின்னேரமே திருத்த உட்கார்ந்தேன். மேற்கோள் குறிகளை எடுத்தேன். ‘அதிகாரி எழுதுகிறார்’ என்ற இடங்களில் எல்லாம் ‘சுருக்கத்தின்படி’ வந்தது. பிறகு அடிக்குறிப்பு: ‘மூலம் டச்சு மொழியில் உள்ளது. அம்மொழி எனக்குத் தெரியாது. மூலத்தை நான் பார்க்கவில்லை. இங்கு பயன்படுத்தியது அதன் ஆங்கிலச் சுருக்கம். தமிழாக்கம் என்னுடையது. சுருக்கியவர்…’

அந்த இடத்தில் பேனா நின்றது. ஒரு வருடம் அந்த ஒன்றரைப் பக்கத்தோடு வாழ்ந்தவளுக்குச் சுருக்கியவரின் பெயர் தெரியவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்தச் சுருக்கம் வந்த தொகுப்பின் முன்பக்கத்தில் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. எழுதிக்கொண்டேன்.

அத்தியாயம் மெலிந்துதான் போனது. பரீட்சகர் அந்த அடிக்குறிப்பின் ஓரத்தில் சரி என்று ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.

இப்போதும் பாலத்தில் பஸ் ஊரும்போது தோணி வருகிறது. அதிகாரி பேசுவதில்லை, அந்தப் பேச்சு இல்லாதது எனக்குக் கவலைதான். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் குனிந்து எதையோ சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வருடமும் என்னோடு பேசியவர் அவர்தான்.