அயோடினில் கறுத்த மஞ்சள்

என் கணவருக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஆபீசில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் அதை இலவசமாகச் செய்கிறார். எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு சயின்ஸ் ஃபேருக்கு 'வீட்டிலேயே கலப்படம் கண்டுபிடிப்பது எப்படி' என்று தலைப்பு எடுத்துக்கொண்டு வந்தபோது, பிள்ளையைவிட அப்பாவுக்குத்தான் குஷி தாங்கவில்லை. அன்று மாலையே லேப்டாப்பில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை போட்டுவிட்டார். இடப்பக்கம் பால், தேன், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள். மேலே ஒவ்வொரு சோதனையின் பெயர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த மனுஷருக்குச் சோறு இறங்காது.

நெருப்பு கூடாது, அமிலம் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் எதையும் தொடக் கூடாது, சோதித்த பொருளை வாயில் வைக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். தேனில் திரி நனைத்துக் கொளுத்துகிற வீடியோவை மகளே ஒதுக்கிவிட்டாள். கலிபோர்னியாவின் டப்ளினில் இருக்கும் எங்கள் வீட்டு சமையல் மேடை ஒரு சனிக்கிழமை முழுக்க அவர்கள் வசம் போனது. நான் காபி போடக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

சரித்துப் பிடித்த எவர்சில்வர் தட்டில் முழுக் கொழுப்புப் பாலை ஒரு சொட்டு விட்டாள். வெள்ளைத் தடம் விட்டு மெதுவாக இறங்கியது. கொழுப்பு நீக்கிய பால் தடமே தெரியாமல் ஓடியது. "இதுல தண்ணி கலந்திருக்காங்க" என்றார் இவர். "அப்பா, இட்ஸ் ஃபேட் ஃப்ரீ" என்று டப்பாவைத் திருப்பிக் காட்டினாள் மகள். தேன் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. நான் கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்த சர்க்கரைப் பாகும் அப்படியே உட்கார்ந்ததும், தேனுக்கு நேரே 'சொல்ல முடியாது' என்று எழுதினாள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற பழக்கம் அவள் அப்பா வழியில் வந்ததல்ல.

பிறகு அயோடின். மாவுச்சத்து இருந்தால் நீலமாகும். நான் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்த பாலில் ஒன்றும் ஆகவில்லை. அவளே கார்ன்ஃப்ளார் கலந்த பால் நன்றாக நீலமானது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அட்டவணையில் மஞ்சளுக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"அதுக்கும் ஒரு சொட்டு போடும்மா. எல்லா ஐட்டத்துக்கும் எல்லா டெஸ்ட்டும் ரன் பண்ணணும்" என்றார்.

அது கடை மஞ்சள் இல்லை. பத்து நிமிஷ தூரத்தில், சான் ரமோனில் இருக்கும் என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடும் இவருடைய அக்கா, அரைத்துத் தருகிற மஞ்சள். வருஷா வருஷம் ஈரோட்டுக்குப் போய் விரலி மஞ்சளாகப் பார்த்து வாங்கி வந்து, மிக்ஸியில் அரைத்து, சலித்து, பாட்டில் பாட்டிலாக எல்லா வீட்டுக்கும் கொடுப்பார். வேறு மஞ்சளை நான் வாங்கினால் அது குடும்பத் துரோகம். நான் வேலைக்குத் திரும்பியபோது, டேகேருக்கு அனுப்பவிடாமல் என் மகளைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். அவர் பெருமையடித்துக்கொள்வது ஒரே ஒரு விஷயத்தில், அந்த மஞ்சளில். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது என்பதும் உண்மை.

மஞ்சள் கரைசலில் அயோடின் விழுந்ததும் கருநீலமாகக் கறுத்தது.

மகள் தடுப்பதற்குள் இவர் படம் எடுத்து, 'அக்கா மஞ்சள் ஃபெயில், மாவு கலந்திருக்கு' என்று சிரிப்புப் பொம்மையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அண்ணி பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வருகிறவர் அந்த வாரம் வரவில்லை. நான் கூப்பிட்டபோது, "கால் கொஞ்சம் வலிக்குது கண்ணு" என்று வைத்துவிட்டார். கோபம்தான் என்று நினைத்தேன். இவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"அந்தக் கட்டத்தை எடுத்துடேன்டி" என்று மகளிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"அது டேட்டா, அம்மா. எடுக்க முடியாது." சொல்லும்போதே கண் கலங்கியது. "ஆனா அத்தை சீட் பண்ண மாட்டாங்க."

இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பிக்கொண்டு அந்தக் குழந்தை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதே மஞ்சள் முன்பே தண்ணீர்ச் சோதனையில் தேறியிருந்தது: தூள் அடியில் படிந்து, மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாகத்தான் நின்றது. சாயம் கலந்திருந்தால் தண்ணீரே அடர்த்தியாக மாறியிருக்கும். ஒன்றில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில் ஏன் என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். சுத்தமான மஞ்சளைச் சோதித்துப் பார்த்தாயா என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

"யாருமே எதுவும் கலக்க முடியாத மஞ்சள் எங்க கிடைக்கும்?" என்று என்னிடம் வந்து நின்றாள்.

இந்தியன் ஸ்டோருக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போய்ப் பச்சை மஞ்சள் கிழங்கு வாங்கினோம். கழுவி, நறுக்கி, வெட்டின பக்கத்தில் அயோடினை விட்டாள். கறுத்தது. பக்கத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் விட்டாள். அதுவும் கறுத்தது. மஞ்சளும் கிழங்குதானே, மாவுச்சத்து அதற்குள்ளேயே இருக்கிறது. யாரும் கலக்கத் தேவையில்லை. மஞ்சளுக்கு அந்தச் சோதனையே பொருந்தாது.

என் கணவர் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "டெஸ்ட் கேஸே தப்பு" என்றார் மெல்ல. இருபது வருஷ சர்வீஸில் அவர் வாயிலிருந்து இதைக் கேட்பது அபூர்வம்.

உடனே போன் பண்ணலாம் என்றேன். "நீங்க சொல்லாதீங்க. நான்தான் சொல்லணும்" என்றாள் மகள். அதனால் ஃபேருக்கு அவசியம் வந்தே ஆக வேண்டும் என்று மட்டும் அண்ணியிடம் சொன்னேன்.

வந்தார். பள்ளிக்கூட ஹாலில் கூட்டத்துக்கு நடுவே, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, எங்கள் பலகையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார். என் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, கிழங்கின் படத்தைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

"அத்தை, உங்க மஞ்சள் தப்பு இல்ல. என் டெஸ்ட்தான் தப்பு. எல்லா மஞ்சளும் இப்படித்தான் பிளாக் ஆகும். சாரி அத்தை."

"அதுல ஒண்ணுமே கலக்கலையா?"

"இல்ல அத்தை."

"நெசமாவா?"

"நெசமா. ப்ராமிஸ்."

அண்ணி அங்கிருந்த குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வித்தவன் என்னத்தக் கலந்தானோன்னு, இருந்த மஞ்சளெல்லாம் கொட்டிட்டேன் சாமி" என்றார். "நீ பல்லு மொளைக்காத புள்ளையா இருந்ததுலருந்து அதைத்தானே பருப்பு சோத்துல போட்டு ஊட்டுனேன். என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றது?"

அந்த வாரம் முழுக்க நாங்கள் அவருடைய கோபத்தைத் தணிக்க வழி தேடிக்கொண்டிருந்தோம். அவருக்குக் கோபமே இல்லை. தன் கைப்பக்குவத்தைவிட என் மகள் செய்த சோதனையைத்தான் அவர் நம்பியிருந்தார்.

மகளின் கன்னத்தையும் தோளையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"அப்போ உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, கண்ணு?"