ஞாயிறும் பரீட்சைக்கு முதல் நாளும்

குடும்ப நீதிமன்றத்தில் நான் ஆலோசகராக இருந்தபோது, பெற்றோர் இருவரும் உரிமை கோரிய ஏழு வயதுச் சிறுமியின் தேவைகளைப் பற்றி நீதிபதி அறிக்கை கேட்டார். நான் பார்க்கப் போனபோது, பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பா வீட்டில் அவள் சிரித்து விளையாடினாள். ஆர்.எஸ்.புரத்தில் அம்மாவிடம் கத்தினாள். பார்த்ததை மட்டுமே எழுதியதால் நடுநிலையாக இருந்துவிட்டதாக நம்பினேன்.

அறிக்கையின் நகல் கிடைத்ததும் சிறுமியின் அம்மா என்னிடம் வந்தார். “ஏனுங்க மேடம், அங்க ஞாயித்துக்கெழமை போனீங்க. எங்கூட்டுக்குக் கணக்குப் பரீட்சைக்கு மொத நாள் வந்தீங்க. அன்னைக்கு அவ யாருகிட்டத்தானுங்க சிரிப்பா?”

எதற்கும் தேதி குறித்து வைப்பவள் நான். அந்த இரண்டு தேதிகளும் அறிக்கையிலேயே இருந்தன. அவை என்ன மாதிரி நாட்கள் என்றுதான் யோசிக்கவில்லை.

நீதிபதியிடம் தவறைச் சொல்லி அனுமதி பெற்று, நாட்களை மாற்றி மறுபடி போனேன். பள்ளி நாள் மாலையில் அப்பா வீட்டிலும் வீட்டுப்பாடத்துக்கு அழுகைதான். ஞாயிறன்று அம்மா மடியில் படுத்திருந்தவள், என் பேனாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நான் அம்மாகிட்டக் கத்துனத எழுதிப்போட்டீங்களா?”

“எழுதிட்டேன் கண்ணு.”

நான் கிளம்பும்வரை அவள் அம்மாவிடம் “சரிங்கம்மா” என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதையும், அதற்குக் காரணம் நான்தான் என்பதையும் கூடுதல் அறிக்கையில் எழுதினேன்.