மூச்சை அடக்கி இறங்குவேன்

கப்பல்களின் மூடிய தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் வகுப்பு ஜூரோங்கில் நடந்தது. அதன் சிலைடுகளைப் பார்த்து வினாத்தாள் எழுதுபவள் நஃபீசா.

தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? இறங்காமல் மீட்புக் குழுவை அழைப்பதே சரியான விடை. பழைய தாளில் தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்த தவறான விடையான ‘வீட்டுக்குப் போவேன்’ யாரையும் ஏமாற்றவில்லை. அதனால் புதிய தாளில் தொழிலாளர்கள் பேச்சுவாக்கில் சொன்னதையே தவறான விடையாக எழுதினாள்: ‘மூச்சை அடக்கி இறங்கித் தூக்குவேன்.’

ஒத்திகைத் தேர்வில் வகுப்பே அதைத்தான் குறித்திருந்தது. நஃபீசா ஒவ்வொரு தாளாகத் திருத்தினாள். பேயை நம்பாதவள் அவள். ஆனாலும் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தொட்டியின் அடியில் அசையாமல் கிடப்பதுபோல் இருந்தது.

“பாஸ் குறைஞ்சா ஆள் அனுப்புற கம்பெனிக்காரன் கத்துவான்லா. பழசையே போடும்மா,” என்றார் பயிற்சி மைய மேலாளர் தில்லையம்பலம்.

“பழசைப் போட்டா பாஸாயிட்டு இறங்குவாங்க சார்.”

வகுப்பில் மீட்பு பற்றிய சிலைடைத் தானே மறுபடி காட்டினாள். “உள்ள விஷவாயு. ஒரு மூச்சு இழுத்தா நீங்களும் விழுவீங்க.”

“தெரியும் அக்கா,” என்றான் தேர்வு எழுதிய தொழிலாளி செல்வராசு. “கிடக்கிறது என் தம்பின்னா?”

நஃபீசா கேள்வியில் ‘ஒருவர்’ என்பதை அடித்துவிட்டு, ‘உங்கள் தம்பி’ என்று எழுதினாள்.