ரொட்டிக்கல்லில் வாட்டிய காகிதம்

எனக்கு நூறு காகித உருவங்கள் செய்யத் தெரியும் என்று பேத்தியிடம் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, வகுப்பில் ஒரு பிள்ளையின் தாத்தா மத்தளம் அடிப்பாராம் என்று அவள் பெருமூச்சு விட்டாள். அந்த மத்தளக்காரர் மேல் வந்த எரிச்சலில் வாய் நூறு என்றது. வாய்க்கு என்ன, அது மடிக்கவா போகிறது?

எனக்கு உண்மையில் தெரிந்தவை இரண்டு. கப்பல் ஒன்று, கோப்பை ஒன்று.

மறுவாரம் வியாழக்கிழமை. நான் நானுஓயா ஸ்டேஷனுக்கும் நுவரெலியா டவுனுக்கும் வேன் ஓட்டுகிறவன். காலை ரயிலின் ஆட்களை இறக்கிவிட்டு, மத்தியானம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தால், பள்ளி விட்டு வந்த பேத்தி வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வயது. முகத்தில் அரசாங்க அறிவிப்பு.

"தாத்தா, நாளைக்கு கிளாஸ்ல நான் காகிதத்துல மூணு உருவம் செஞ்சு காட்டணும். டீச்சர்ட்ட சொல்லிட்டேன். எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கவும் போறேன்."

"செஞ்சு குடுத்தா கொண்டு போறியா?"

"இல்ல. நானே செய்யணும். எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

இரண்டுக்கு மேலே ஒன்று. முப்பது வருடமாகக் கொண்டையூசி வளைவுகளில் வேன் ஓட்டுகிறேன், பிரேக் பிடிக்காத லொறி எதிரே வந்திருக்கிறது. அப்போதெல்லாம் இப்படி வியர்த்ததில்லை. சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று சிரித்தேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய் கைபேசியைத் திறந்தேன். வீடியோவில் இரண்டு கைகள் ஏதோ கொக்கை மடித்துக்கொண்டிருந்தன. நான் முதல் மடிப்பைப் புரிந்துகொள்வதற்குள் கொக்கு சிறகடித்தது. அதற்கடுத்து டேட்டா முடிந்தது. கடவுள் சில சமயம் நேரடியாகவே பதில் சொல்கிறார்.

பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மூன்றாவதைப் பிறகு யோசிக்கலாம், கப்பலை முதலில் முடிப்போம் என்று பழைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். நடுவே மடித்து, மேல் மூலை இரண்டையும் நடுக்கோட்டுக்கு இறக்கி, அடியில் மிஞ்சிய பட்டையை இரு பக்கமும் மேலே மடித்தால் தொப்பி வரும். வந்தது. ஆனால் கையை எடுத்ததும் தொப்பி மெல்ல விரிந்து, சோம்பல் முறித்துக்கொண்டு மறுபடி தாளாகிவிட்டது.

"தாத்தா, உங்க தொப்பி தூங்குது."

வெளியே மூன்று நாளாகப் பனி. கதவைத் திறந்தால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் பனி. இங்கே அப்பளம் நமுக்கும், தீக்குச்சி நமுக்கும். கொப்பித் தாளும் துணிபோலக் கிடந்தது. அதில் மடிப்பு எப்படி நிற்கும்? அடுப்பில் ரொட்டிக்கல்லைச் சூடாக்கி, நெருப்பை அணைத்துவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக அதன்மேல் போட்டுப் புரட்டினேன். மொடமொடப்பாக வந்தன.

அப்போது கொழுந்தெடுத்துவிட்டு மகள் வந்து நின்றாள். நனைந்த சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே பார்த்தாள்.

"அப்பா, கொப்பியவா வாட்டுறீங்க? சம்பல் அரைக்கவா?"

"நீ போம்மா. இது பாடம்."

"நீங்க அன்னைக்கு நூறுன்னப்பவே நெனச்சேன்," என்றாள். பிள்ளைக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு அவ அங்க அழுதுக்கிட்டு நிக்காம பாத்துக்கங்க."

அது நகைச்சுவை இல்லை. பள்ளியின் போன தவணையில் வகுப்பில் பாட எழுந்து, பாட்டு மறந்து, அழுதுகொண்டு வந்தவள் இந்தப் பிள்ளை. அதற்குப் பிறகு கையை உயர்த்தியதே இல்லையாம். இந்த முறை தானாக உயர்த்தியிருக்கிறாள், என் நூறை நம்பி.

வாட்டிய தாளில் மடிப்பு கத்திபோல நின்றது. நகத்தால் ஒருமுறை இழுத்தால் போதும். தொப்பியின் வாயைத் திறந்து, பக்கவாட்டில் தட்டையாக்கினால் சதுரம். கீழே திறந்திருக்கும் முனைகளை இரு பக்கமும் மேலே மடித்தால் முக்கோணம். அதன் வாயையும் திறந்து தட்டையாக்கினால் மறுபடி சிறிய சதுரம். தொப்பியைத் திறக்கும் இடத்தில் பேத்தி மூன்று முறை கிழித்தாள். நான்காவது முறை, மேலே இருந்த இரண்டு முனைகளையும் பிடித்து விலக்கி இழுத்ததும் கப்பல் திடீரென்று பிறந்தது. அவள் அதை மறுபடி பிரித்து, மறுபடி செய்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கோப்பைக்குச் சதுரம் வேண்டும். தாளின் மேல் விளிம்பைச் சாய்த்துப் பக்க விளிம்போடு சேர்த்து, மிஞ்சிய பட்டையைக் கிழித்தெறிந்தோம். குறுக்கே மடித்த முக்கோணத்தை என் முன்னால் வைத்தேன். முனை மேலே, நீளப்பக்கம் என் வயிற்றுப் பக்கம். வலது மூலையை எதிரே இடது விளிம்புக்கு, இடது மூலையை வலது விளிம்புக்கு. மேலே இருக்கும் இரண்டு இதழில் ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால் மடித்தால் கோப்பை. இளைஞனாகத் தேயிலை மலையில் வேலை செய்தபோது, பாலில்லாத பிளேன்டீக்குச் சீனியைத் தொட்டுக்கொள்ள இப்படித்தான் மடித்துக் கையில் வைத்திருப்போம். அந்தக் கதையையும் சொன்னேன். மூன்றாவது உருவத்தை யோசிக்க நேரம் வேண்டுமே!

கதை முடிந்தும் எதுவும் தோன்றவில்லை. பாம்பு என்று சுருட்டிக் கொடுக்கலாமா? பந்து என்று கசக்கிக் கொடுக்கலாமா? பந்து பரவாயில்லை, பிழைவிட முடியாது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"தாத்தா, என் கோப்பைக்கு காது இருக்கு."

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன் அல்லவா? எனக்கு மேலே இருந்த முனை அவளுக்குக் கீழே தெரிந்திருக்கிறது. தன் முக்கோணத்தையும் அப்படியே தலைகீழாக வைத்து, மேலே வந்த இரண்டு மூலைகளையும் எதிர் விளிம்புக்குக் கொண்டுபோகாமல் அந்தந்தப் பக்கமே கீழே சாய்த்திருக்கிறாள். பிழையைத் திருத்த வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் கீழ் முனையைச் சின்னதாக மேலே மடித்து, பென்சிலால் இரண்டு கண் வைத்து, மூக்கைக் கறுப்பாக்கிவிட்டாள்.

நாய். சந்தேகமே இல்லாத நாய். எங்கள் லயத்துத் தண்ணீர்ப் பைப்படியில் படுத்திருக்கும் அதே சோம்பேறி.

மூன்று! நான் எழுந்து ஆடாததற்குக் காரணம் முழங்கால்.

அந்த நிம்மதியில் பொய்யும் கழன்று விழுந்தது. "அம்மாடி, ஒன்னு சொல்லணும். தாத்தாவுக்கு நூறெல்லாம் தெரியாது. ரெண்டுதான் தெரியும்."

அவள் நாய்க்கு மீசை வரைந்துகொண்டே சொன்னாள். "தெரியும் தாத்தா. அதனாலதான் டீச்சர்ட்ட மூணுன்னு கொறச்சு சொன்னேன். அதுலயும் ஒன்னு கூடிப்போச்சு."

அவள் என்னை நம்பவில்லை. நம்பாமலே கையை உயர்த்தியிருக்கிறாள். எதை நம்பினாள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் பயம்.

மறுநாள் மத்தியான ரயில் ஆட்களை வேறொரு வேன்காரரிடம் தள்ளிவிட்டு, பள்ளி வாசலில் போய் நின்றேன். மூன்றையும் செய்து காட்டினாளாம். எதிரே நின்று காட்டினால் தலைகீழாகிவிடும் என்று, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையோடு தாளைப் பிடித்து மடித்தாளாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"என்னம்மா சொன்ன?"

"கப்பலும் கோப்பையும் எங்க தாத்தா. நாய் நானு."

அந்த நாய் இப்போது என் வேனில் ஸ்டியரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. காலைப் பனியில் அதன் காது தொங்கிப்போகும். எஞ்சின் சூடேறியதும் நாயை இரண்டு நிமிடம் அதன் பக்கத்தில் பிடித்து வாட்டி, நகத்தால் மடிப்பை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.