புரியாதது என்று குறித்த வரிகள்

ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பினேன். தப்பு அவளுடையது இல்லை என்று அனுப்பும்போதே எனக்குத் தெரியும். சுற்றி வளைத்துச் சொன்னால் என்மேல் யாருக்காவது இரக்கம் வந்துவிடும். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஜனங்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறார்களே, அந்தக் கமெண்ட்டுகளைக் கணினிக்குப் புரியவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குறி போட வேண்டும்: தமிழ், ஆங்கிலம், இரண்டும் ஒட்டியது, பெயர், புரியாதது. busla என்று வந்தால் ஒட்டியது. iruku, irukku, erukku என்று ஆளுக்கொரு விதமாக அடித்ததை எல்லாம் ‘இருக்கு’ என்று ஒரே வடிவமாக்க வேண்டும். kal என்று இருந்தால் அது கல்லா, காலா, கள்ளா என்று முன்னும் பின்னும் படித்துத்தான் சொல்ல முடியும். கேட்பதற்குச் சுலபம். நாள் முழுக்கச் செய்தால் கண் எரியும்.

அவள் முடிச்சூரிலிருந்து வந்தாள். அதற்கு முன் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் நின்றிருக்கிறாள். வேலை பார்த்தாள் என்று அவள் சொல்லவில்லை, நின்றேன் என்றுதான் சொன்னாள். பெண்கள் உட்கார அங்கே ஸ்டூல் போட்டிருந்தார்களாம், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பானாம். தபால் வழியில், கரஸில், பி.ஏ. முடித்து, முட்டி வீங்கிப்போய், எங்களிடம் மூன்று மாத சோதனை வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் சுழல் நாற்காலியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"மூணு மாசம் நல்லா பண்ணா இது எனக்கேவா சார்?"

"பண்ணுங்க, பாக்கலாம்" என்றேன்.

நல்லா பண்ணுவது என்றால் என்ன என்று தீர்மானிப்பவன் நான். ஒவ்வொரு நூறு கமெண்ட்டிலும் பத்து பரீட்சை வரிகளை ஒளித்து வைத்திருப்போம். அவற்றுக்கு முன்கூட்டியே சரியான விடை உண்டு. எண்பது மார்க்குக்குக் கீழே போனால், திங்கட்கிழமை தோறும் எல்லோர் மார்க்கையும் காட்டும் திரையில் உங்கள் வரிசை சிவப்பில் தெரியும். மூன்று மாதக் கடைசியிலும் சிவப்பாக இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சரியான விடையை நான் தயாரித்த லட்சணத்தைச் சொல்கிறேன். அதே வரிகளை மூன்று பேரிடம் கொடுப்பேன், இரண்டு பேர் ஒத்துப்போனால் அது விடை. ஒருவர் செம்பாக்கம், இன்னொருவர் சேலையூர், இருவரும் என்னைப் போல அபார்ட்மெண்ட் வீடுகளில் வளர்ந்தவர்கள். மூன்றாவது ஆள் யாராக இருந்தால் என்ன? கணினி முன்கூட்டியே ஒரு குறியைப் போட்டு நீட்டும், சரி என்றால் என்டர் தட்டினால் போதும். vandhukinu keedhu என்றால் ‘வந்துகொண்டு இருக்கிறது’ என்று கணினிக்குத் தெரியாது, ‘புரியாதது’ என்று நீட்டும். இருவரும் என்டர் தட்டினார்கள். ஒரு வரிக்கு இரண்டு விநாடி கூட எடுக்கவில்லை என்று நேரப் பதிவிலேயே இருக்கிறது. இரண்டு பேர் ஒத்துப்போனதால் அது சரியான விடை ஆகிவிட்டது. பாதிக்கு மேல் புரியாத வார்த்தை இருக்கும் வரிகள் குப்பை என்று கழிக்கப்படும். மிச்சத்தை வைத்துத்தான் கணினி தமிழ் கற்கும்.

அவள் ஒரு வரியையும் படிக்காமல் விடவில்லை. keedhu வந்தால் தமிழ் என்று குறித்து, பக்கத்தில் ‘இருக்கு’ என்று எழுதினாள். vootanda வந்தால் ‘வீட்டுக்கிட்ட’. ஒவ்வொன்றுக்கும் மார்க் போயிற்று. நான்கு திங்கட்கிழமை தொடர்ந்து சிவப்பு. ஐந்தாவது வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"இன்னா சார் இது, இத்த தப்புன்னு போட்டுக்கீது. தமிழ்தானே சார், நாங்க பேசறதுதானே."

நான் மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன். கீது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தாளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. விடைத்தாளே தப்பு. அதைத் திருத்தினால் எல்லோருடைய மார்க்கையும் மறுபடி போட வேண்டும், கழித்த வரிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்கு அனுப்பியாக வேண்டும்.

"நீங்க பேசறதெல்லாம் தமிழ்னு போட்டா, அப்புறம் அகராதியை எங்கம்மா வைக்கிறது?" என்றேன்.

வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். செம்பாக்கம் சிரித்தது, சேலையூரும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் இன்னும் என்னைக் கொல்கிறது.

அதற்கப்புறம் தனக்குத் தெரிந்ததையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். சில நாள் என்டர் தட்டினாள், சில நாள் மனசு கேட்காமல் திருத்தினாள். மார்க் எழுபதைத் தாண்டவில்லை. மூன்று மாதம் முடிந்த அன்று அவளைக் கூப்பிட்டு, "மொழி அறிவு போதாது" என்று எழுதிய தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும் முன் நாற்காலியை மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள்.

ஐப்பசி மழையில் வாடிக்கையாளர் போனில் கத்தினார். புறநகர் ஜனங்கள் அனுப்பும் புகார்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்காக எங்கள் சரக்கை வாங்கியவர் அவர். முடிச்சூர் பக்கத்து வரிகள் மொத்தமாகக் கழிவுப் பெட்டியில் கிடந்தனவாம். vootanda thanni vandhukinu keedhu என்று நூறு பேர் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் படியேறிய அன்று கணினி அதையெல்லாம் புரியாதது என்று ஓரங்கட்டிவிட்டது. வேறு யாரோ அந்த வரிகளைக் கண்ணால் படித்துத்தான் மீட்க ஆள் அனுப்பினார்களாம்.

புது ஆள் தேட நேரமில்லை. அவள் முதல் ஐந்து வாரம் செய்த கோப்பைத் திறந்தேன். எல்லாம் அப்படியே இருந்தது, ஒவ்வொரு வரிக்கும் குறி, ஒவ்வொரு வார்த்தைக்கும் வடிவம். அதையே சரியான விடையாக வைத்து மறுபடி ஓட்டினேன். அவள் வரிசை பச்சையில் முதலில் வந்து நின்றது. செம்பாக்கமும் சேலையூரும் சிவப்பில் கிடந்தார்கள். அந்தப் பட்டியலை நான் திங்கட்கிழமை திரையில் போடவில்லை. வட்டார வழக்கைச் சேர்த்து மேம்படுத்தியதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், பாராட்டு வந்தது. அவளுடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று கூப்பிடவில்லை.

பொங்கலுக்குச் சட்டை எடுக்கத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். ஆண்கள் பிரிவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். திரும்பிப் போயிருப்பேன், அதற்குள் பார்த்துவிட்டாள்.

"வாங்க சார். நல்லா இருக்கீங்களா?"

நான்கைந்து சட்டைகளைப் பிரித்துப் போட்டாள். மேல் தட்டில் இருந்ததை எடுக்க எக்கியபோது முகம் சுளித்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கடைசியில என் மார்க் எவ்வளவு சார் வந்தது?"

அந்தப் பச்சை வரிசை கண் முன்னால் நின்றது. நூற்றுக்கு நூறு என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"பரவாயில்ல சார். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. என் பொண்ணும் என்னை மாதிரிதான் பேசும். இப்ப வாயத் தொறந்தாலே திருத்திடறேன். அப்படிப் பேசினா வேலை கிடைக்காதுன்னு சொல்லி ரெண்டு அடிகூட வச்சேன்."

நான் நீலச் சட்டையைக் காட்டி, என் அளவில் உண்டா என்று கேட்டேன். தட்டில் தேடி எடுத்தாள்.

"கீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "இருக்கு சார்" என்றாள்.