புளி போட்டுத் துலக்கிய ஆரம்

கள்ளக்குறிச்சியில் கல்யாணத்துக்குக் கவரிங் நகை வாடகைக்கு விடும் தைலம்மாள் யாரையும் நம்பமாட்டார். பத்து செட்டுதான் அவர் பிழைப்பு. திரும்பி வரும் நகையை வெளிச்சத்தில் பிடித்து, கல் கல்லாக எண்ணுவார். வேலைக்கு இருந்த என் கையையும் கவனித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் வடக்கனந்தல் கொளஞ்சியம்மாள், மகள் கல்யாணத்துக்கு எடுத்துப்போன ஆரத்தைக் கொண்டுவந்தார். பதக்கம் வெளுத்திருந்தது. சிவப்புக் கற்கள் மங்கியிருந்தன.

“இன்னாம்மா, என்னுத வச்சிக்கினு வேற ஆரம் எடுத்தாந்திருக்கியா?”

“அதே ஆரந்தாங்க. கூலிக்குப் போறவதான், திருடி இல்லீங்க.”

கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆரத்தை வாங்கி முகர்ந்தேன். புளி வாசனை அடித்தது. கல் இடுக்கை ஊசியால் கிளறியபோது புளி நார் வந்தது. விரல் நுழையாத அந்த இடத்தில் பழைய மெருகு அப்படியே இருந்தது.

“நம்ம ஆரந்தாங்க. துலக்கிட்டாங்க” என்றேன்.

“வாங்கின பொருளை அழுக்கோடயாங்க குடுக்கிறது? ஒரே வேர்வை. பித்தளைக் குண்டான் மாதிரி ஊற வச்சித் தேச்சேன்.”

தைலம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கவரிங்க மெத்துன்னு இருக்கிற துணியால ஒத்தி எடுத்தாப் போதும். தேச்சா முலாம் போயிடும். ஊறினா கல்லுக்குப் பின்னால தண்ணி எறங்கிக் கருத்துடும். இனிமே அழுக்கோடவே கொண்டா.”

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன்பின் எந்த நகை வந்தாலும், எண்ணுவதற்கு முன் முகர்ந்து பார்த்தார்.